உப்பின டின், நின்னுபோன கசிவு: மூடின பாத்திரத்துல காலியிடம் எவ்வளவு விடணும்?

ஒரு கெமிக்கல் ஸ்டோர்ல நடந்த விஷயம் இது, இடம் பேர் எதுவும் வேணாம். சுத்தமான எத்தனாலை 20 லிட்டர் இரும்பு டின்ல நிரப்பி, மூடியை டைட் பண்ணி, தகர கன்டெய்னருக்குள்ள அடுக்கி வச்சிருந்தாங்க. உருளை டின்னுதான், விட்டம் 28 சென்டிமீட்டர், மேல் தகடும் அடித் தகடும் மடிச்சு சீம் போட்டது, மேல சின்ன வாய், அதுல திருகு மூடி. நிரப்பினது குளிர்காலத்துல. கசிஞ்சது மாசக்கணக்கு கழிச்சு வெயில் ஏறினப்புறம். அதனாலதான் ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்னு முதல்ல யாருக்கும் தோணல.

ஒரு மத்தியானம் ஸ்டோர் பையன் வந்து "சார், மேல் வரிசையில ஸ்பிரிட் வாடை தூக்குது, நாலஞ்சு டின்னு தரையில வச்சா நிக்காம ஆடுது"ன்னு சொல்லியிருக்கான். போய்ப் பார்த்தா அடித் தகடு வெளிய புடைச்சு விளிம்புக்கு கீழ இறங்கிடுச்சு, அதான் ஆட்டம். சில டின்ல மேல் சீம் ஓரமா ஈரம். சிலதுல உப்பல் மட்டும், கசிவு இல்ல. சிலது நல்லாவே இருக்கு. எல்லாம் ஒரே சரக்கு, ஒரே டின், ஒரே ஆளுங்க நிரப்பினது.

முதல்ல எல்லாரும் சொன்னது "டின்னு சப்ளை மட்டம், சீம் சரியில்ல"ன்னுதான். ரெண்டாவதா ஒருத்தர் "உள்ள ஏதோ ரியாக்‌ஷன் ஆகி கேஸ் வந்திருக்கு"ன்னார். மூணாவது கட்சி "எத்தனால் சூட்டுல ஆவியாகும்ல, அந்த ஆவி பிரஷர்தான்"னு. மூணுமே கேக்க நியாயமாத்தான் இருக்கு, ஆனா மூணும் இல்ல. ஏன் இல்லன்னு பார்க்கிறதுலதான் இந்த கேஸோட பாடமே இருக்கு, கொஞ்சம் நிதானமா போவோம்.

மூணு சந்தேகத்தையும் எப்படி கழிச்சோம்

முதல்ல பாதுகாப்பு. உப்பின டின்னை சூட்டோட திறக்கவே கூடாது. உள்ள பிரஷர் இருக்கு, மூடியை ஒரு சுத்து திருப்பினாலே எத்தனால் பீச்சி அடிக்கும், அதோட பத்திக்கிற வெப்பநிலை 13 டிகிரி வாக்குலதான், அதாவது சாதாரண ரூம் சூட்டுலயே அதோட ஆவி தீப்பொறி பட்டா பத்திக்கும். அதனால டின்னுங்களை அங்கேயே விட்டு, கன்டெய்னர் கதவைத் திறந்து காத்தாட வச்சு, ராத்திரி குளுந்தப்புறம் விடியக்காலைலதான் கை வச்சோம்.

கேஸ் உருவாகியிருந்தா, குளுந்தப்புறமும் பிரஷர் இருக்கும், மூடி திறந்தா உஸ்னு வெளிய வரும். இங்க நேர் எதிரா நடந்துச்சு, உப்பின டின்னோட மூடியைத் தளர்த்தினப்போ காத்து உள்ள போச்சு. தகடு நிரந்தரமா புடைச்சு டின்னோட கொள்ளளவே கூடிப்போயிருக்கு, உள்ள திரவம் குளுந்து சுருங்கிடுச்சு, அதனால லேசா வெற்றிடம். இது ஒண்ணு போதும் ரியாக்‌ஷன் கதையை மூடிவைக்க.

ஆவி பிரஷர்? எத்தனாலோட ஆவி அழுத்தம் 50 டிகிரில சுமார் 0.3 பார். வெளியில நம்மைச் சுத்தி இருக்கிற காத்தோட அழுத்தம் 1 பார். அதனால எத்தனால் ஆவி மட்டும் தனியா நின்னு டின்னை வெளிய தள்ள முடியாது, அது 78 டிகிரில கொதிக்கிறப்பதான் 1 பாரைத் தொடும். உள்ள ஏற்கனவே இருக்கிற காத்தோட சேர்ந்து கொஞ்சம் ஏத்தி விடும், அவ்வளவுதான். தரையில ஆடுற அளவுக்கு அடித் தகட்டைப் புடைக்க அது பத்தாது.

சீம் மட்டம்ங்கிறதுக்கு பதில் கசிவோட நடத்தையிலயே இருந்துச்சு. ஓட்டைனால ஒழுகுற டின்னு சூடு இருந்தாலும் இல்லாட்டியும் ஓட்டை மட்டம் வரைக்கும் ஒழுகிட்டே இருக்கும். இங்க கசிவு மத்தியானம் மட்டும்தான், சாயங்காலம் தானா நின்னுடும். கசிஞ்ச டின்னுங்களை எடை போட்டா ஒவ்வொண்ணுலயும் போனது அரைக்கிலோவுக்கும் கீழதான். அதாவது தேவையான இடம் கிடைக்கிற வரைக்கும் வெளிய வந்துட்டு நின்னுபோயிருக்கு. சீம் விட்டுக்கொடுத்தது உண்மை, ஆனா அதைத் தள்ளினது திரவமே.

திரவம் ஏன் விரியுது

சூடுன்னா மூலக்கூறுகளோட ஆட்டம் கூடுறதுன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்போம். ஆனா ஆட்டம் கூடினா ஏன் இடம் கூடணும்? ஆட்டம் ரெண்டு பக்கமும் சமமா இருந்தா சராசரி தூரம் மாறவே மாறாதே. விஷயம் என்னன்னா அது சமமா இல்ல. ரெண்டு மூலக்கூறு ரொம்ப கிட்ட வந்தா விலக்கு விசை திடீர்னு செங்குத்தா ஏறும், தள்ளிப் போறப்போ ஈர்ப்பு விசை மெதுவாத்தான் குறையும். அதனால ஆட்டம் கூடக்கூட உள்பக்கம் போற தூரம் கொஞ்சம், வெளிப்பக்கம் போற தூரம் நிறைய. சராசரி இடைவெளி கூடுது. திடப்பொருள்லயும் இதேதான், ஆனா அங்க பிடி இறுக்கம். திரவத்துல மூலக்கூறுங்க ஒண்ணையொண்ணு விட்டு நழுவிக்கிட்டே இருக்குறதால நடுநடுவே சின்னச் சின்ன காலி இடங்களும் சூட்டோட கூடும், அதான் திரவம் இரும்பை விட பல மடங்கு விரியுறதுக்குக் காரணம்.

இதுலேர்ந்தே ஒரு பொதுக் கணிப்பு வரும். மூலக்கூறுங்களுக்கு நடுவுல ஈர்ப்பு எவ்வளவு பலவீனமோ, அதாவது எவ்வளவு சீக்கிரம் கொதிக்குமோ, அவ்வளவு அதிகமா விரியும். அசிட்டோன் ஒரு டிகிரிக்கு ஆயிரத்துல 1.4 பங்கு விரியும், எத்தனால் 1.1, பெட்ரோல் கிட்டத்தட்ட 1, கிளிசரின் பாதிதான், 0.5. தண்ணி 20 டிகிரில வெறும் 0.2. தண்ணி இவ்வளவு கம்மியா விரியுறதுக்குக் காரணம் ஹைட்ரஜன் பிணைப்பு, சூடு ஏறுறப்போ அந்த திறந்த வலை கொஞ்சம் இடிஞ்சு நெருங்குது, அது விரிவுல ஒரு பங்கைத் தின்னுடுது. 4 டிகிரிக்கு கீழ அந்த நெருக்கமே ஜெயிச்சு, சூடு ஏத்தினா தண்ணி சுருங்கவே செய்யும்.

ஆபத்து எங்கன்னா, நம்ம எல்லாருக்கும் கைப்பழக்கம் தண்ணியோடதான். தண்ணியை கழுத்து வரைக்கும் நிரப்பி வெயில்ல வச்சாலும் பெருசா ஒண்ணும் ஆகாத மாதிரி தெரியும். அதே கை அதே பழக்கத்துல எத்தனாலை நிரப்பினா அஞ்சு மடங்கு விரியுற திரவத்தை நிரப்புறோம்னு அதுக்குத் தெரியாது.

கணக்கு

இப்ப கேஸுக்கு வருவோம். டின்னு மேல 20 லிட்டர்னு போட்டிருக்கு. வாய் தளும்ப தண்ணி ஊத்தி எடை போட்டுப் பார்த்தா உண்மையான முழு கொள்ளளவு 21.0 லிட்டர். மேல இருக்கிற அந்த ஒரு லிட்டர் சும்மா விட்டது இல்ல, விரியுறதுக்காக விட்டது. ஆனா நிரப்பினவங்க கழுத்துக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் நிரப்பியிருக்காங்க, 20.8 லிட்டர். கேட்டா "குறைச்சலா குடுத்தோம்னு பேர் வரக்கூடாதுங்க"ன்னாங்க. நல்ல எண்ணம்தான், குத்தம் சொல்ல முடியல.

வெளிய நிக்குற டேங்க்லேர்ந்து விடியக்காலைல பிடிச்சப்போ திரவம் 12 டிகிரி. கன்டெய்னர்ல மேல் வரிசையில மத்தியானம் அளந்தது 48 டிகிரி. வித்தியாசம் 36. எத்தனாலோட அடர்த்தி 12 டிகிரில லிட்டருக்கு 0.796 கிலோ, 48 டிகிரில 0.765. ரெண்டையும் வகுத்தா 1.04, அதாவது 4 சதவீதம் விரிவு. 20.8 லிட்டர் 21.64 லிட்டர் ஆயிடும். டின்னும் இரும்புதானே அதுவும் விரியுமேன்னு கேட்டா, விரியும், 36 டிகிரிக்கு மொத்தமே 27 மில்லி. அதைச் சேர்த்தாலும் டின்னுல இடம் 21.03 லிட்டர். மிச்சம் 0.6 லிட்டருக்கு எங்கயும் இடம் இல்ல.

எந்த வெப்பநிலைல டின்னு முழுசா ரொம்பிச்சுன்னு பார்த்தா இன்னும் சுவாரசியம். விட்டிருந்த காலியிடம் 200 மில்லி. டிகிரிக்கு 23 மில்லி விரியுது. அப்போ 9 டிகிரி ஏறினாலே, அதாவது 21 டிகிரிலயே இடம் தீர்ந்துடுச்சு. கோடை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த டின்னுங்க நெருக்கடிலதான் இருந்திருக்கு. அப்போ ஏன் யாரும் பார்க்கல? 25 டிகிரில மிஞ்சுறது 100 மில்லிக்குள்ள. 28 சென்டிமீட்டர் தகடு நடுவுல ஒரு சென்டிமீட்டர் குவிஞ்சு புடைச்சா சுமார் 300 மில்லி இடம் கிடைக்கும், மேல் தகடு அடித் தகடு ரெண்டும் பங்கு போட்டுக்கிட்டா 100 மில்லிக்கு ஒவ்வொண்ணும் ரெண்டு மில்லிமீட்டர் கூட நகர வேண்டாம். அடித் தகடு விளிம்புலேர்ந்து கொஞ்சம் உள்ள தள்ளித்தான் இருக்கும், அதனால ஆடவும் ஆடாது. கண்ணுக்குத் தெரியாது. 48 டிகிரில 600 மில்லி வேணும், ரெண்டு தகடும் ஒரு சென்டிமீட்டர் புடைக்கணும். அங்கதான் சில டின்னு நின்னுச்சு, சில டின்னுல சீம் விட்டுச்சு.

தகடு மட்டும் இப்படி நெளிஞ்சு குடுக்கலன்னா என்ன ஆகும்ங்கிறதையும் சொல்லிடறேன், ஏன்னா இதுதான் நிறைய பேருக்குத் தெரியாத நம்பர். திரவத்தை அமுக்குறது ரொம்பக் கஷ்டம். நெளியவே நெளியாத, காலியிடமே இல்லாத பாத்திரத்துல எத்தனால் ஒரே ஒரு டிகிரி சூடானா அழுத்தம் சுமார் 10 பார் ஏறும். தண்ணிக்கே 20 டிகிரி பக்கத்துல டிகிரிக்கு 4, 5 பார். ரெண்டு பக்கமும் வால்வு மூடின பைப் நடுவுல திரவம் மாட்டிக்கிட்டு வெயில் பட்டா கேஸ்கெட் பிச்சுக்கிட்டு போறது இதனாலதான், அதுக்குத்தான் அங்க சின்ன ரிலீஃப் வால்வு வைக்கிறது. டின்னு நெளிஞ்சதால பிழைச்சுச்சுன்னு சொல்லலாம். கண்ணாடி பாட்டில் நெளியாது, மூடி வழியா கசியலன்னா உடையும்.

விரிவுக்குத் தேவையான அளவு விட்டா போதுமா? போதாது

இங்கதான் எங்க மீட்டிங்ல நீளமா வாக்குவாதம். ஒருத்தர் சொன்னார், "4 சதவீதம் விரியுது, அப்போ 5 சதவீதம் காலியா விடுங்க, முடிஞ்சுது." கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா அந்தக் காலியிடத்துல இருக்கிறது வெறும் காலி இல்ல, காத்து. மூடி டைட்டா இருக்கிறதால அது எங்கயும் போகாது. திரவம் விரிஞ்சு மேல வர வர அந்தக் காத்தை ஒரு மூலைக்கு அமுக்கும்.

நூறு பங்குல 95 எத்தனால், 5 காத்துன்னு வையுங்க. 12லேர்ந்து 48 டிகிரி போனா எத்தனால் 3.85 பங்கு விரியும், டின்னு 0.13 விரியும், மிஞ்சுற காலியிடம் 1.28 பங்கு. அஞ்சு பங்குல இருந்த காத்து 1.28க்குள்ள. அழுத்தம் கிட்டத்தட்ட நாலு மடங்கு, சூட்டால இன்னும் பன்னிரண்டு சதவீதம் மேல, அதோட எத்தனால் ஆவி கால் பார். கூட்டிக் கழிச்சா வெளிக்காத்தை விட 3.5 பார் அதிகம். 28 சென்டிமீட்டர் தகட்டோட பரப்பு 616 சதுர சென்டிமீட்டர், 3.5 பார்னா ஒவ்வொரு தகட்டுலயும் ரெண்டு டன்னுக்கு மேல தள்ளல். திரவத்துக்கு இடம் போதுமா இருந்தும் அந்த டின்னு அவுட்.

அதே கணக்கை 8 சதவீதம் விட்டுப் போட்டா 1.25 பார் அதிகம். 10 விட்டா 1 பாருக்குக் கொஞ்சம் கீழ. 15 விட்டா 0.7. கவனிச்சீங்களா, 5லேர்ந்து 8க்குப் போறதுல லாபம் ரெண்டு பாருக்கு மேல, 10லேர்ந்து 15க்குப் போறதுல கால் பார்தான். ஆரம்பத்துல விடுற ஒவ்வொரு சதவீதமும் தங்கம், அப்புறம் விடுறது சும்மா. காலியிடம் ஒரு மெத்தை, மெத்தை ரொம்ப மெலிசா இருந்தா தரையில படுத்த மாதிரிதான், ஆனா ஒரு அளவுக்கு மேல தடிமன் ஏத்தியும் புண்ணியம் இல்ல.

ஒரு விஷயம், இந்த பார் கணக்கு எல்லாம் டின்னு நெளியாதுன்னும் காத்து திரவத்துல கரையாதுன்னும் வச்சுப் போட்டது. நிஜத்துல ரெண்டும் நடக்கும். எத்தனால்ல காத்து நல்லாவே கரையும், லாரில குலுங்கிக்கிட்டே போற டின்னுல அமுங்கின காத்துல ஒரு பங்கு திரவத்துக்குள்ள போயிடும், அழுத்தம் இறங்கும். அசையாம அடுக்கி வச்ச டின்னுல அது மெதுவாத்தான் நடக்கும். அதனால கணக்குல வர்றதை மேல் எல்லையா வச்சுக்கிட்டு, அதுக்குத் தாங்குற மாதிரி முடிவு பண்றது நல்லது.

விதி என்ன சொல்லுது

ஆபத்தான சரக்கைக் கொண்டுபோறதுக்கான ஐ.நா. மாதிரி விதிகள்ல அடிப்படை வாக்கியம் ஒண்ணு இருக்கு: 55 டிகிரில திரவம் பாத்திரத்தை முழுசா நிரப்பிடக் கூடாது. ஏன் 55னா, வெயில்ல நிக்குற மூடின வண்டிக்குள்ள அந்த அளவு சூட்டை எதிர்பார்த்துக்கணும். ஐரோப்பாவோட சாலைப் போக்குவரத்து விதியான ஏடிஆர் இதுக்கு மேல போய் ரெண்டு வழி குடுக்குது. ஒண்ணு கொதிநிலையைப் பார்த்து நேரடியா சதவீதம். 15 டிகிரில நிரப்புறதா வச்சுக்கிட்டு, 60க்கு கீழ கொதிக்கிறதுக்கு 90 சதவீதம், 60லேர்ந்து 100க்குள்ள கொதிக்கிறதுக்கு 92, 100லேர்ந்து 200க்குள்ள 94, அதுக்கு மேல 96, 300க்கு மேல கொதிக்கிறதுக்கு 98. கொதிநிலையை வச்சு ஏன் பிரிச்சாங்கன்னு இப்ப புரியும், சீக்கிரம் கொதிக்கிறது அதிகம் விரியும், ஆவியும் அதிகம் விடும், ரெண்டு தொல்லையும் ஒரே நம்பர்ல அடங்கிடுது. இன்னொரு வழி சூத்திரம்:

```
நிரப்பு % = 98 / (1 + α × (50 − t))
α = (d15 − d50) / (35 × d50)
```

α திரவம் டிகிரிக்கு எவ்வளவு பங்கு விரியுதுங்கிறது, t நிரப்புறப்போ திரவத்தோட வெப்பநிலை, d15 d50 அந்தந்த டிகிரில அடர்த்தி. எத்தனாலுக்கு 0.7936ம் 0.7633ம் போட்டா α 0.00113 வரும், 15 டிகிரில நிரப்பினா 94.3 சதவீதம். அட்டவணை 92 சொல்லுது, சூத்திரம் 94.3. சூத்திரம் பார்க்கிறது திரவத்துக்கு இடம் இருக்கான்னு மட்டும்தான், 50 டிகிரில 2 சதவீதம் மிஞ்சினா போதும்னு விட்டுடுது, காத்தோட அழுத்தத்தை அது தனியாக் கணக்குப் போடல. மெல்லிசு தகட்டு டின்னுக்கு நாங்க 92ஐத்தான் எடுத்தோம், சூத்திரத்தை டேங்க் மாதிரி கெட்டியான பாத்திரத்துக்கு விட்டுட்டோம்.

எடை காட்டிக்குடுத்தது

ஒரே மாதிரி டின்னுல சிலது கசிஞ்சு சிலது உப்பி மட்டும் நின்னது ஏன்ங்கிறது கடைசி வரைக்கும் தொக்கி நின்ன கேள்வி. லிட்டர்ல பார்த்தா பதிலே வராது, எல்லாமே கழுத்து வரைக்கும் நிரப்பினதுதான். கிலோவுல பார்த்தப்பதான் வந்துச்சு. உப்பி நின்ன டின்னுங்கள்ல உள்ள இருந்தது 16.35 கிலோ. கசிஞ்ச டின்னுங்களோட நிரப்பின நேரத்து எடை ரெஜிஸ்டர்ல 16.55 பக்கத்துல. 200 கிராம் வித்தியாசம். அடர்த்தியை வச்சுத் திருப்பிக் கணக்குப் போட்டா 16.35 கிலோ 20.8 லிட்டரா இருக்கணும்னா திரவம் 24 டிகிரில இருந்திருக்கணும். வெயில் ஏறி டேங்க் சூடானப்புறம், மத்தியானம் வாக்குல நிரப்பின டின்னுங்க அது. அதே மட்டம், ஆனா விரிய வேண்டியதுல மூணுல ஒரு பங்கை ஏற்கனவே விரிஞ்சு முடிச்ச திரவம். 48 டிகிரில அதுக்கு இல்லாத இடம் 0.35 லிட்டர், தகடு தாங்கிக்கிச்சு. விடியக்காலை டின்னுக்கு 0.6, தாங்கல. கீழ் வரிசையில இருந்த நல்ல டின்னுங்களும் மத்தியான சரக்குதான், அங்க 40 டிகிரியைத் தாண்டவே இல்ல.

அதாவது கண்ணால பார்த்து மட்டம் பிடிக்கிறவங்க, குளுர்ல அறியாமலே அதிகம் நிரப்புறாங்க. சூடு மாறினா மட்டம் மாறும், லிட்டர் மாறும், கிலோ மாறாது. அதனால தராசுல வச்சு நிரப்புறதுதான் சரியான முறை. எங்க டின்னுக்கு உச்ச வரம்பு இப்படி: முழு கொள்ளளவு 21.0, அதுல 92 சதவீதம் 19.3 லிட்டர், அதை 15 டிகிரி அடர்த்தி 0.7936ஆல பெருக்கினா 15.3 கிலோ. டேங்க்ல திரவம் எந்தச் சூட்டுல இருந்தாலும் 15.3க்கு மேல ஊத்தாதே, அவ்வளவுதான் உத்தரவு.

இந்த நம்பர் வந்ததும் ஒரு சங்கடமும் வெளிய வந்துச்சு. 20 டிகிரில 20 லிட்டர் எத்தனாலோட எடை 15.8 கிலோ. வரம்பு 15.3. அப்போ லேபிள்ல போட்ட 20 லிட்டரை சரியா நிரப்பினாலே இந்த டின்னு வரம்பைத் தாண்டுது! 20 லிட்டர் குடுத்துட்டு 92 சதவீதத்துக்குள்ள நிக்கணும்னா டின்னோட முழு கொள்ளளவு 21.6 லிட்டராவது இருக்கணும். தண்ணி மாதிரி கம்மியா விரியுற சரக்குக்கு இந்த டின்னு பொருத்தம், எத்தனாலுக்கு இல்ல. டின்னு வாங்குறப்போ "20 லிட்டர்"னு மட்டும் பார்த்தாங்க, தளும்பத் தளும்ப எவ்வளவு பிடிக்கும்னு யாரும் கேக்கல. அதைக் கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம், காலி டின்னை எடை போடு, வாய் வரைக்கும் தண்ணி ஊத்தி மறுபடி எடை போடு, வித்தியாசக் கிலோதான் கிட்டத்தட்ட லிட்டர். ஒவ்வொரு சப்ளை லாட்டுலயும் நாலு டின்னு இப்படிப் பார்த்துட்டு அதுல சின்னது எதுவோ அதை வச்சு வரம்பு போடணும்.

திரவமாக்கின வாயுன்னா இதெல்லாம் பல மடங்கு கடுமை. புரொப்பேன் டிகிரிக்கு ஆயிரத்துல 3 பங்கு வரைக்கும் விரியும், அதனாலதான் எல்பிஜி சிலிண்டரை 80, 85 சதவீதத்துக்கு மேல நிரப்புறது இல்ல. 1978 ஜூலை 11ல ஸ்பெயின்ல லாஸ் அல்ஃபாக்கேஸ் முகாம் பக்கத்துல வெடிச்ச புரொப்பிலீன் டேங்கர் லாரி அளவுக்கு மேல நிரப்பப்பட்டது, அதுல பாதுகாப்பு வால்வும் கிடையாது, இருநூறு பேருக்கு மேல செத்தாங்க. அது வேற ரகம், எங்க டின்னோட சேர்த்துப் பேசக்கூடாதுதான், ஆனா நிரப்புற இடத்துல தராசு இருந்தும் பார்க்காம விடுறவங்களுக்கு அதைச் சொல்லித்தான் ஆகணும்.

அப்படின்னா நிறைய காலியா விட்டுடலாமே?

விடலாம், ஆனா அதுக்கும் விலை உண்டு. பாதி டின்னு லாரில போனா திரவம் அலை மோதி சீமை அடிக்கும். காலியிடம் பெருசானா ஆவியும் காத்தும் கலந்த அளவும் பெருசாகும், எத்தனால்ல அந்தக் கலவை ரூம் சூட்டுல பத்திக்கிற எல்லைக்குள்ளதான் இருக்கும். காத்து பட்டா கெடுற எண்ணெய் மாதிரி சரக்குக்கு ஆக்சிஜன் அதிகம். அதனால 8லேர்ந்து 10 சதவீதம் இந்த மாதிரி திரவத்துக்கு நடுத்தரமான இடம்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் ஒண்ணு இருக்கு, சூடா நிரப்பி உடனே மூடினா குளுர்றப்போ திரவம் சுருங்கி டின்னோட பக்கச் சுவர் உள்ள ஒடுங்கும். உப்பலைப் பார்த்துப் பயந்தவங்க "அப்ப சூடாவே நிரப்பிடுவோம்"னு யோசிச்சா இதுல மாட்டுவாங்க. பிளாஸ்டிக் கேனுக்கு இந்த ரெண்டுமே கொஞ்சம் மன்னிப்பு உண்டு, அது நெளியும், அதுவும் திரவத்தோட சேர்ந்து இரும்பை விட அதிகம் விரியும். ஆனா 50 டிகிரி பக்கத்துல அதோட பலமும் இறங்கும், அடுக்கி வச்சா அடிக் கேன் சாயும். அதனால கேனுக்கும் அதே 92ஐத்தான் வச்சோம்.

உப்பின டின்னு எதையும் திரும்பத் தட்டி நேராக்கி உபயோகிக்கல. ஒரு தடவை சென்டிமீட்டர் கணக்குல புடைச்ச தகட்டுல சீம் மடிப்பு இழுபட்டிருக்கும், அடுத்த வெயில்ல கம்மியான அழுத்தத்துலயே விடும். உள்ள இருந்ததை குளுந்த நேரத்துல, ரெண்டு டின்னையும் ஒயர் போட்டு எர்த் பண்ணி, புது டின்னுக்கு 15.3 கிலோ கணக்குல மாத்தியாச்சு. மிஞ்சினது தனியா ரெண்டு டிரம் வந்துச்சு. லேபிள் "20 லிட்டர்"லேர்ந்து "15 கிலோ"வுக்கு மாறுச்சு, 21.6 லிட்டர் டின்னு வர்ற வரைக்கும் அப்படியே போகட்டும்னு விட்டாச்சு.